தாத்தா ஆயாவுக்கு ஒரு நிமிஷ வீடியோ

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் வீடியோவுக்கு எழுதிய வரிகளும் கிடைத்தன. அப்பா அம்மாவுக்கு 50வது கல்யாண நாள் என்று படித்ததுமே மனசு நிறைந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையில் உன் மகள் ஒரு வரி தமிழில், மெல்போர்னில் உன் தங்கை மகன் ஒரு வரி இங்கிலீஷில் என்று பிரித்திருப்பது நல்ல யோசனை. ஆனால் எழுதியிருக்கும் விதத்தை மாற்றியாக வேண்டும்.

நீ ஏறக்குறைய ஒவ்வொரு தமிழ் வரிக்கும் கீழே அதன் மொழிபெயர்ப்பை வைத்திருக்கிறாய். அப்படிச் செய்தால் தாத்தாவுக்கு ஒரே விஷயம் இரண்டு முறை வரும், ஆயாவுக்குப் பாதி நேரம் ஒன்றும் புரியாது. இரண்டு மொழிக்கும் தனித்தனி வேலை கொடு. பெரியவர்களைச் சின்னவர்கள் வாழ்த்துவது நம் வழக்கமில்லை, ஆசீர்வாதம்தான் கேட்போம். அதனால்தான் மேடைக்கு மேடை ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று சொல்லித் தேய்த்துவிட்டார்கள். ‘ஹேப்பி ஆனிவர்சரி’ என்று பேரன் சொன்னால் அந்தச் சங்கடமே இல்லை. ‘லவ் யூ’வும் அப்படித்தான். தமிழில் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவது இங்கிலீஷில் இயல்பாக வந்துவிடும். வீட்டுக் கதையும் ஆசீர்வாதமும் தமிழில் இருக்கட்டும்.

இன்னொன்று. மூன்றாவது வரியில் ‘நீங்க ரெண்டு பேரும் இல்லாம’ என்று பேத்தி நிறுத்துகிறாள், ‘வீ கான்ட் இமாஜின் அவர் லைஃப்’ என்று பேரன் முடிக்கிறான். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அது இங்கிலீஷுக்குப் போய்விட்டால் ஆயாவுக்கு வாக்கியமே முடியாது, ‘இல்லாம என்னடி?’ என்று காத்திருப்பார். முற்றுப்புள்ளியில் மட்டும் மொழியை மாற்று.

நான் திருத்தியது இது. வாய்விட்டுப் படித்துப் பார்.

பேத்தி: தாத்தா, ஆயா, உங்களுக்குக் கல்யாணம் ஆகி இன்னிக்கு அம்பது வருஷம்!

பேரன்: ஹேப்பி ஆனிவர்சரி, தாத்தா! ஹேப்பி ஆனிவர்சரி, ஆயா!

பேத்தி: காசிமேட்டுல மீன் வாங்கப் போனாலும், தாத்தா ஆயாவைக் கேட்டுட்டுத்தான் போவாரு.

பேரன்: அண்ட் ஆயா கிவ்ஸ் ஹிம் த பிக்கஸ்ட் பீஸ்!

பேத்தி: ஞாயித்துக்கிழமை உங்க குரல் கேட்டாத்தான் தம்பிக்குச் சோறு இறங்குது.

பேரன்: இட்ஸ் ட்ரூ. ஐ மிஸ் யூ. ஐ லவ் யூ போத்.

பேத்தி: ரெண்டு பேரும் கால்ல விழறோம். எங்களை ஆசீர்வாதம் பண்ணுங்க.

பேரன்: ஆசீர்வாதம் பண்ணுங்க, ஆயா!

இங்கிலீஷ் வரியிலும் ‘கிராண்ட்மா’ என்று மாற்றாமல் ‘ஆயா’ என்றே விட்டிருக்கிறேன். மற்ற சொற்கள் புரியாவிட்டாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று உன் அம்மா பிடித்துக்கொள்வார். பேரன் பேசும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நொடி இடைவெளி விடு. வயதான காதுக்கு மொழி மாறியது தெரியவே அந்த அவகாசம் வேண்டும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம், பேச்சின் மெல்லிய ஒலிகளை அது மூடிவிடும். இடைவெளிகளையும் சேர்த்து ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

பையனின் கடைசி வரியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்பாதே. அதில் குறிலும் நெடிலும் தெரியாது, ‘அசிர்வதம்’ என்று படிப்பான். உன் தங்கையை ‘ஆசீர், வாதம், பண்ணுங்க’ என்று மெதுவாக இரண்டு தடவை பேசி அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல். நீ எழுதியிருந்த ‘வாழ்த்துக்கள்’ என்ற சொல்லை நீக்கியதற்கும் உச்சரிப்புதான் காரணம். பழக்கமில்லாத நாக்கு ‘ழ’விலேயே தடுக்கிவிடும்.

முதலில் உன் மகள் பேசிப் பதிவு செய்யட்டும். அதைக் கேட்டுவிட்டுப் பையன் பேசினால்தான் பதில் சொல்வது போலக் குரல் வரும், இல்லையென்றால் ஒப்பிப்பது போலிருக்கும். ஹால் டிவியில் போடப்போகிறாய் என்பதால் இரண்டு போனும் படுக்கைவாட்டில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். தெருப்பக்கம் ஜன்னலைச் சாத்து, ஃபேனை நிறுத்து. முடிந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், பெரிய டிவியில் முகம் மங்கும்.

கடைசி வரி முடிந்ததும் வெட்டிவிடாதே. இரண்டு பிள்ளைகளும் கைகூப்பியபடி ஐந்து நொடி அப்படியே நிற்கட்டும். ‘நல்லா இருங்கப்பா’ என்று உன் அம்மா டிவியைப் பார்த்தே சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை பிள்ளைகளின் முகம் திரையில் இருக்க வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
குமார்
ராயபுரம்