ஆய்வுகளை அடுக்கச் சொல்லும் விதியை நீக்குங்கள்: கல்வியியல் ஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டுப் பக்கம் கல்வியியல் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். சென்ற அமர்வில் என் மாணவி ஒருவர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய மீளாய்வு அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினீர்கள். "இந்தியாவில் நடந்த ஆய்வுகள், வெளிநாட்டு ஆய்வுகள் எனப் பிரித்து, ஆண்டு வரிசைப்படி, ஓர் ஆய்வுக்கு ஒரு பத்தியாக எழுதுக" என்பது உங்கள் குறிப்பு. அந்த வடிவ விதியை நீக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

அவர் சத்தியமங்கலத்துக்கு மேலே மலையில் இருக்கும் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியின் ஆசிரியை. விடுமுறை நாளில் பேருந்து பிடித்து இறங்கி வந்து நூலகத்தில் உட்காருகிறவர். அவர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் 30 குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்தக் கணக்குப்படி அவர் பள்ளியில் குறையே இல்லை. ஆனால் ஒரே அறையில் மூன்று வகுப்புக் குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் கற்றல் கூடுமா என்பது அவருக்கு அன்றாடம் எழும் கேள்வி.

இந்தக் கேள்விக்கு உங்கள் வடிவத்தில் எழுதினால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஸ்டார் ஆய்வுக்கு ஒரு பத்தி: 79 பள்ளிகள், 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகள், 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்புகள், சிறு வகுப்புக் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே நின்றார்கள். அடுத்து கலிபோர்னியாவுக்கு ஒரு பத்தி: 1996இல் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 30 பேர் இருந்த வகுப்புகளை 20 ஆக்கினார்கள், பலன் எதிர்பார்த்த அளவு தெளிவாக இல்லை. அடுத்து கென்யா: 80 பேருக்கு மேல் இருந்த முதல் வகுப்பை ஏறத்தாழப் பாதியாக்கியும் அரசு ஆசிரியரிடம் படித்த குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பிறகு, "இந்திய ஆய்வுகள்" என்ற தனித் தலைப்பின் கீழ் மும்பையும் வதோதராவும்: சில குழந்தைகளை வெளியே அழைத்ததால் வகுப்பு சிறுத்தும், உள்ளே எஞ்சியவர்களிடம் பலன் தெரியவில்லை. படிப்பவர் கையில் மிஞ்சுவது ஒரு "ஆம்", ஒரு "தெளிவில்லை", இரண்டு "இல்லை". எண்ணிக்கை பார்த்து "பெரும்பாலும் பயனில்லை" என்று முடித்துவிடலாம். அப்படி முடித்தால் அது தவறான முடிவு.

என் மாணவி செய்தது வேறு. ஒரு பெரிய தாளில் அட்டவணை போட்டார். ஒவ்வொரு ஆய்வும் ஒரு வரிசை. நெடுக்கே கேள்விகள்: எத்தனை பேர் எத்தனையாகக் குறைந்தார்கள், குழந்தைகளை எப்படிப் பிரித்தார்கள், யார் கற்பித்தார், கற்பிக்கும் முறை மாறியதா, என்ன முடிவு. எல்லாரும் வரிசை வரிசையாகப் படிப்பதை அவர் நெடுக்காக, மேலிருந்து கீழாகப் படித்தார். "யார் கற்பித்தார்" என்ற நெடுவரிசையில்தான் விடை இருந்தது.

டென்னசியில் ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் ஆசிரியர்களையும் குழந்தைகளையும் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்தார்கள். எனவே சிறு வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் ஆசிரியர் தரத்தில் வேறுபாடு எழ வழியில்லை. கலிபோர்னியாவில் ஒரே சமயத்தில் ஏராளமான புது ஆசிரியர்கள் தேவைப்பட்டதால் அனுபவமும் முழுத் தகுதிச் சான்றும் இல்லாதவர்கள் வகுப்புக்குள் வந்தார்கள். வகுப்பு சிறுத்ததால் கிடைத்த பலனில் ஒரு பங்கை அது தின்றுவிட்டது. கென்யாவில் அதே பள்ளிகளில், அதே அளவு சிறுத்த வகுப்பில், புதிதாக வந்த ஒப்பந்த ஆசிரியரிடம் படித்தவர்கள் முன்னேறினார்கள். புது ஆசிரியர் வந்த பிறகு பழைய ஆசிரியர்களின் உழைப்பு தளர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய குழந்தைகளை நாளில் ஒரு பகுதி நேரம் வெளியே அழைத்து, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் அடிப்படை எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் முன்னேறினார்கள். உள்ளே எஞ்சியவர்களுக்கு வகுப்பு சிறுத்தும் அதனால் பலன் தெரியவில்லை. அவர்களுக்குப் பாடம் நடந்த விதம் மாறவில்லை.

இதை வைத்து அவர் எழுதிய பத்தியின் தொடக்கம் இது: "வகுப்பின் அளவைக் குறைப்பது மட்டுமே கற்றலை உயர்த்துவதாகத் தெரியவில்லை. ஆசிரியரின் தரமும் உழைப்பும் குறையாத இடத்தில் பலன் தெளிவாக இருந்தது (டென்னசி). அவை தளர்ந்த இடங்களில் பலன் கரைந்தது (கலிபோர்னியா, கென்யாவின் அரசு ஆசிரியர்கள்). கற்பித்தல் குழந்தையின் நிலைக்கு இறங்கி வந்தபோது, பயிற்சி குறைந்தவர் கற்பித்தும் முன்னேற்றம் இருந்தது (மும்பை, வதோதரா)." அடுத்த வரியில் தன் ஆய்வின் இடத்தையும் காட்டிவிட்டார்: இந்த நான்கிலும் ஆசிரியர் முன் இருந்தது பல வகுப்புகள் கலந்த அறை அல்ல. எண்ணிக்கையில் சிறிய, ஆனால் மூன்று வகுப்புகள் கலந்த அறையைப் பற்றி இவற்றிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

இந்த இடைவெளி உங்கள் வடிவத்தில் கண்ணில் படாது. மும்பையை ஒரு தலைப்பிலும் கென்யாவை இன்னொரு தலைப்பிலும் பிரித்து வைத்தால், ஒன்றோடொன்று பேச வேண்டிய இரண்டு ஆய்வுகள் சந்திக்கவே மாட்டா. அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன், அந்த விதியை நீக்குங்கள்.

குறிப்பைப் படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டது இது: "ஏனுங்க சார், யோசிச்சுச் சேர்த்தெழுதினதைத் திரும்பப் பிரிச்சுப் போடோணும்னா, நான் இத்தனை நாள் படிச்சது எதுக்குங்க?" என்னிடம் பதில் இல்லை. பிரித்து எழுதிக் கொடுத்தால் அடுத்த அமர்வில் ஒப்புதல் கிடைத்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓர் ஆய்வு மாணவி தன் சிந்தனையை அழித்தால்தான் தேறலாம் என்ற நிலை எனக்குக் கோபத்தைத் தருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஓர் ஆய்வுக்கு ஒரு பத்தி என்றால், அந்தப் பத்தியை எழுத அந்த ஆய்வைப் படிக்க வேண்டியதில்லை, சுருக்கம் போதும். ஒரே பத்தி, ஒரே பிழையோடு, ஆய்வேடு ஆய்வேடாக நகர்ந்து வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருட்டைப் பிடிக்க மென்பொருள் வாங்குகிறோம், திருட வசதியான வடிவத்தை நாமே கட்டாயமாக்குகிறோம். சேர்த்தெழுதும் பத்தியை இன்னோர் ஆய்வேட்டிலிருந்து அப்படியே தூக்கி வைக்க முடியாது, அது இவருடைய கேள்விக்காக எழுந்தது.

சேர்த்தெழுதுவதிலும் ஏமாற்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டியலுக்கு நடுவே "அதேபோல்", "மேலும்" என்று போட்டுவிட்டுத் தொகுப்பு என்பார்கள். கண்டுபிடிப்பது எளிது. பத்திகளை இடம் மாற்றிப் படியுங்கள். வாதம் எங்கும் உடையவில்லை என்றால் அது பட்டியல்தான். பத்திகள் எல்லாம் ஆசிரியர் பெயரிலேயே தொடங்கினாலும் சந்தேகப்படுங்கள். ஒத்துவராத முடிவைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதையும் கேளுங்கள், ஒத்துப்போகாதவற்றை மழுப்பி ஒன்றாக்குவது தொகுப்பு ஆகாது. ஸ்டார் போன்ற பெரிய ஆய்வுக்குத் தனிப் பத்தி தேவைப்பட்டால் அது இருக்கட்டும், அதை எதிர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுப் பத்தி என்ற கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறேன்.

ஆகவே பணிவோடு வேண்டுவது இவ்வளவே. வழிகாட்டிக் குறிப்பில் உள்ள "ஓர் ஆய்வுக்கு ஒரு பத்தி" விதியையும் இந்தியா–வெளிநாடு பிரிவையும் அடுத்த அமர்வில் நீக்குங்கள். உள்ளிருக்கும் கேள்விகளின்படி அத்தியாயத்தை அமைக்க மாணவர்களுக்கு அனுமதி கொடுங்கள். தனித்தனி விவரங்கள் வேண்டுமென்றால் அந்த அட்டவணையைப் பின்னிணைப்பில் கேளுங்கள், தாராளமாகத் தருவோம். என் மாணவியின் அத்தியாயத்தை முதலில் எழுதிய வடிவிலேயே மறுபடி சமர்ப்பிக்கிறேன். இந்த முறை வடிவத்தை ஒதுக்கி வைத்து, அதில் இருக்கும் வாதத்தைப் படித்துப் பார்த்து முடிவு சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
ஆய்வு நெறியாளர் ஒருவர்
ஈரோடு மாவட்டம்