அந்த ஒருவனை மட்டும் ம்யூட் செய்ய ஒரு பொத்தான் வேண்டும்: ஒரு திறந்த மடல்

விளையாட்டு நிறுவனத்தின் பயனர் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் போன் துப்பாக்கி விளையாட்டில் போன வாரம் நான் ரிப்போர்ட் செய்த ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே விவரம் இருக்கிறது. நானும் தம்பியும் பெரியப்பா மகனும் ஸ்குவாடில் இருந்தோம், நாலாவதாக ஒரு ரேண்டம் பிளேயர் வந்தான். நான் மைக்கை ஆன் செய்து "வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஆள்" என்று சொன்னதுதான் தாமதம், பெண் குரல் என்று தெரிந்ததும் ஆரம்பித்துவிட்டான். என்ன பேசினான் என்பதை இங்கே எழுத முடியாது.

அவனை ம்யூட் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் ஒற்றைத் தொடுதலில் அணைவது மொத்த ஸ்பீக்கரும்தான். அதை அணைத்தால் தம்பி குரலும் போய்விடும். அவனை மட்டும் ம்யூட் செய்ய டீம் பட்டியலைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் கடுகளவு இருக்கும் குறியைத் தொட வேண்டும். எதிரி சுடும்போது அதற்குள் நாக் ஆகி விழுந்துவிடுவேன், பக்கத்தில் நிற்கும் அவன் ரிவைவ் செய்து எழுப்பமாட்டான். பாதியில் வெளியேறினாலோ ரேங்க் புள்ளி குறைவது எனக்குத்தான்.

சரி, ஆட்டம் முடிந்து ரிப்போர்ட் செய்தேன். "குரல்வழி வசை" என்று ஒரு கட்டம் இருக்கிறது, டிக் அடித்தேன். வீடியோ ஆதாரம் அனுப்பச் சொன்னீர்கள். ஸ்கிரீன் ரெக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த வீடியோவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, காலடிச் சத்தம் கேட்கிறது, வண்டி உறுமுவதுகூடக் கேட்கிறது. அவன் குரல் மட்டும் இல்லை.

இது என் போனின் கோளாறு இல்லை என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். ஆண்ட்ராய்டு 10 முதல் ரெக்கார்டர் செயலிகள் போனுக்குள் ஓடும் ஒலியைப் பதியலாம். ஆனால் பாட்டு, வீடியோ, விளையாட்டு ஒலிகளுக்குத்தான் அந்த அனுமதி. பேச்சுத் தொடர்பு என்று குறிக்கப்பட்ட ஒலி அதில் சேராது. போன் பேச்சை யாரும் திருட்டுத்தனமாகப் பதியக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. வாய்ஸ் சாட்டும் பெரும்பாலும் அந்த வகையில்தான் ஓடுகிறது. ஆக, பதிவாகவே வாய்ப்பில்லாத ஒன்றை ஆதாரமாகக் கேட்கிறீர்கள்.

ஒரே வழி, ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து, இன்னொரு போனில் பதிவு செய்வது. எங்கள் வீட்டில் கூடமும் சமையலறையும் ஒன்றை ஒன்று ஒட்டியவை. காதோடு போகவேண்டிய அசிங்கத்தை அம்மா காதிலும் போட்டால்தான் என் புகார் செல்லும். அதன் பிறகு அந்த வீட்டில் யார் விளையாட விடுவார்கள்?

நான் கேட்பது பெரிதில்லை. மைக் குறிக்குப் பக்கத்திலேயே, ஒருவனை மட்டும் ஒரே தொடுதலில் ம்யூட் செய்யும் பொத்தான். ரிப்போர்ட் அழுத்தினால் கடைசி சில நொடிக் குரலை ஆட்டமே எடுத்து இணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்லார் பேச்சையும் பதிவு செய்வது அந்தரங்க மீறல் என்று பதில் வரலாம். 2020-இல் சோனி தன் பிஎஸ்5 கன்சோலில் செய்ததைப் பாருங்கள். கடைசி 5 நிமிடப் பேச்சு மட்டும் கருவியில் இருக்கும், பழையது தானாக அழிந்துகொண்டே போகும். புகார் தருபவர் தேர்ந்தெடுக்கும் துண்டுதான் வெளியே போகும், அதுவும் அதிகபட்சம் 40 நொடி. இந்த வசதி உண்டு என்று விளையாடுகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். 2023-இல் எக்ஸ்பாக்ஸும் 60 நொடித் துண்டோடு இதே மாதிரி ஒரு வழியைக் கொண்டுவந்தது. கன்சோலில் முடிந்தது போனில் ஏன் முடியாது?

எழுத்தில் திட்டினாலாவது உங்கள் வடிகட்டி பிடிக்கும் என்று பார்த்தால், ஆங்கிலக் கெட்ட வார்த்தை மட்டும் நட்சத்திரமாகிறது. தமிழ் வசையை ஆங்கில எழுத்தில் அடித்தால் பூப்போல வந்து சேர்கிறது. புது உடை விற்பதற்கான அறிவிப்பு மட்டும் நல்ல தமிழில் வருகிறது. பணம் கட்டினால் நொடியில் வைரம் ஏறுகிறது, ரிப்போர்ட்டுக்கோ என்ன ஆனது என்றே தெரியாது. பெயரை மாற்றிக்கொள்ளும் கார்டு கடையிலேயே கிடைப்பதால், நான் அவனுடைய ஐடி எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். சமீபத்தில் ஆடியவர்கள் பட்டியலில் எடுத்தேன், நீங்கள் கேட்காமலே அனுப்பியும் இருக்கிறேன்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தனியாள் ம்யூட் பொத்தானையும், குரல் துண்டோடு போகும் ரிப்போர்ட்டையும் அடுத்த அப்டேட்டில் தாருங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். பதில் போட்டால் ஒரு மனிதர் படித்துவிட்டுப் போடட்டும். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற தானியங்கிப் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது.

இப்படிக்கு,
மைக்கை அணைத்துவிட்டு ஆடும் ஒரு மதுரைக்காரி