பால் சங்கத்து அண்ணனுக்கு, அந்த 4.12 பற்றி

அன்புள்ள அண்ணன்,

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். சங்கத்துக்குப் பால் ஊற்ற ஆரம்பித்த முதல் வாரம் உங்களைத் திருடன் என்றுதான் நினைத்தேன். வீட்டில் வந்து இவரிடம் சொல்லவும் செய்தேன். தராசில் 4.12 என்று கண் முன்னால் ஓடியது, சீட்டில் 4.00 என்று இருந்தது. 120 கிராம் எங்கே போனது என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

நீங்கள் கோபப்படவில்லை. லிட்டர் படியைத் தராசில் வைத்து எடையைச் சுழியாக்கினீர்கள். விளிம்பு வரை பாலை ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, ஒரு சொட்டு சேர்த்து நிறைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். 1.03 என்று நின்றது. "தண்ணின்னா ஒரு கிலோ. பால் அதைவிடக் கனம்மா. தராசு கிலோவைக் காட்டுது, உங்களுக்குக் காசு லிட்டருக்கு. அதான் 1.03ஆல வகுக்கறோம்." வகுத்துப் பார்த்தேன். 4.12க்குச் சரியாக 4 லிட்டர்.

பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களைக் காக்க வைத்துவிட்டு இதைச் செய்தீர்கள்.

நான் அப்படிச் சந்தேகப்பட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னால் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு வியாபாரிக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் படியில்தான் அளப்பார். கறந்த பாலில் நுரை நிற்கும் இல்லையா, அதைச் சாக்காக வைத்து வழிய வழிய ஊற்றச் சொல்வார். வழிந்ததெல்லாம் அவருடைய கேனுக்குள். பொங்கலுக்கு வாங்கிய முன்பணம் கழியும்வரை வாயைத் திறக்க முடியாது. தராசில் நுரைக்கு எடை இல்லை, அந்தச் சண்டையே இல்லை. ஆனால் தராசிலும் வித்தை காட்டலாம் என்று பிறகு புரிந்தது. 4.05 லிட்டரை 4 என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு வேளைக்கு 50 மில்லி. காலை, மாலை என்று 10 நாளில் 20 வேளை, மொத்தம் ஒரு லிட்டர் போய்விடும். நீங்கள் அந்தக் கடைசி இலக்கத்தையும் விடாமல் எழுதுகிறீர்கள். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தராசு எண் நிற்காமல் ஆடும். அப்போது கதவைச் சாத்திவிட்டு, எண் நிலைத்த பிறகுதான் பேனாவை எடுப்பீர்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் அந்தக் கொழுப்பு விவகாரம். போன மாசி மாதம் என் பாலில் கொழுப்பு 4.3லிருந்து 3.6க்கு இறங்கியது. தண்ணீர் கலந்ததாகச் சொல்லப் போகிறீர்கள் என்று வயிற்றைக் கலக்கியது. நீங்கள் சீட்டைத் திருப்பிக் காட்டினீர்கள். கொழுப்பு போக மிச்சமிருக்கும் சத்தைக் காட்டும் எஸ்.என்.எஃப். முந்தின நாளைப்போலவே 8.3ல் நின்றிருந்தது. தண்ணீர் விட்டிருந்தால் ரெண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும், இது கொழுப்பு மட்டும் இறங்கினது என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "கன்னுக்குட்டியைக் கடைசியில விடுறீங்களா?"

ஆமாம், அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். மடியில் கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம், அதைக் கன்று குடித்துவிடுகிறது என்று உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காம்பைக் கன்றுக்கு முழுசாக விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் கடைசிச் சொட்டுவரை கறக்கச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் 4.2 வந்தது. சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் பாலை அடியிலிருந்து கலக்கி எடுக்கிறீர்களே, அது ஏன் என்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. கொழுப்பு மேலே ஏறி நிற்கும், கலக்காமல் அடியில் மொண்டால் எங்களுக்குத்தான் நஷ்டம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை கணக்கில் ஏறிவிடுகிறது. தவிட்டுக்கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. ஒரே ஒரு தடவை தள்ளிப்போனது. மேலேயிருந்து பணம் வரவில்லை, வெள்ளிக்கிழமை வரும் என்று ரெண்டு நாள் முன்னாடியே பலகையில் எழுதிப் போட்டீர்கள். வெள்ளிக்கிழமை வந்தது. முன்கூட்டித் தெரிந்தால் கடன் சொல்லலாம், அல்லது ஒரு வாரம் வைக்கோலோடு ஓட்டலாம். தெரியாமல் இருப்பதுதான் எங்களைப் போல ரெண்டு மாடு வைத்திருப்பவர்களை வட்டிக்காரனிடம் துரத்துகிறது.

ஒரு குறை மட்டும். சீட்டில் எழுத்து ரொம்பப் பொடி. அம்மா வாசிக்கத் திணறுகிறார், நான் இல்லாத நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. முடிந்தால் லிட்டரையும் தொகையையும் மட்டுமாவது பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

சின்னப்பசு இந்த ஐப்பசியில் கன்று போடும். அஞ்சு நாள் சீம்பாலைக் கொண்டுவர வேண்டாம், கன்றுக்கே விடுங்கள் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆறாம் நாள் காலையில் வருகிறேன்.

இப்படிக்கு,
வரிசையில் கடைசியாக நிற்கும் பச்சை வாளிக்காரி