ஹாட்ஸ்பாட் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

போன வாரம் ஒருவர் ஃபோனையும் லேப்டாப்பையும் கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைத்தார். பாஸ்வேர்டை மூன்று முறை சரியாகத் தட்டியும் லேப்டாப் இணையவில்லை, "Can't connect to this network" என்றே காட்டுகிறது என்றார். ஃபோனில் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தோம். இணையக்கூடிய கருவிகளின் எண்ணிக்கை 2 என்று இருந்தது. அந்த இரண்டு இடத்தையும் அவருடைய டேப்லெட்டும், பையில் கிடந்த பழைய ஃபோனும் பிடித்திருந்தன. பழைய ஃபோனை அவர் மறந்தே போயிருந்தார். அதுவோ பாஸ்வேர்டை மறக்கவில்லை.

அந்த வரம்பு ஆட்களை எண்ணுவதில்லை, கருவிகளை எண்ணுகிறது. ஒரே ஆளின் மூன்று கருவிகள் மூன்று இடம். இடம் தீர்ந்த பிறகு வரும் கருவியிடம் "இடமில்லை" என்று யாரும் சொல்வதில்லை. இணைப்பு மறுக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் பழி பாஸ்வேர்டின்மேல் விழுகிறது. சந்தேகம் வந்தால் முதலில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். அவருக்கு நாங்கள் பழைய ஃபோனின் வைஃபையை அணைத்தோம். லேப்டாப் உடனே இணைந்துவிட்டது.

இந்த வரம்பு பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் இருக்கும்; சில மாடல்களில் இருக்காது. ஐஃபோன் அமைப்பில் அது இல்லை. அப்படிப்பட்ட ஃபோனில் வேண்டாதவர்களை வெளியேற்றப் பாஸ்வேர்டை மாற்றுவதே வழி. மாற்றியதும் எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். வேண்டியவற்றில் மட்டும் புதியதைத் தட்டிக்கொள்ளுங்கள்.

ஹாட்ஸ்பாட்டின் பெயரை ஆண்ட்ராய்டில் அந்த அமைப்பிலேயே, Hotspot name என்ற இடத்தில் மாற்றலாம். ஐஃபோனில் ஃபோனின் பெயரே ஹாட்ஸ்பாட்டின் பெயர். Settings, General, About, Name என்று போக வேண்டும். தமிழிலும் பெயர் வைக்கலாம், ஆனால் நீளம் இடிக்கும். வைஃபை பெயருக்கு உள்ள இடம் 32 பைட். ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ் எழுத்து மூன்று பைட். கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாக மூன்று பைட். "தமிழ்" என்ற சொல்லே 15 பைட் ஆகிவிடும். பழைய பிரிண்டர் போன்றவற்றின் திரையில் தமிழ்ப் பெயர் கிறுக்கலாகவும் தெரியலாம். ஆசைக்கு வைத்துப் பாருங்கள், தொல்லை கொடுத்தால் மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்டில் மட்டும் தமிழ் வேண்டாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். குறைந்தது 8 எழுத்து கேட்கும். எங்களைக் கேட்டால் 12 வையுங்கள் என்போம், ஃபோன் எண் வேண்டவே வேண்டாம். பாதுகாப்பு வகையில் WPA3 தேர்ந்து பழைய லேப்டாப் இணையவில்லை என்றால் WPA2-க்கு மாற்றிப் பாருங்கள்.

ஃபோனில் அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் கடைக்கு எடுத்து வாருங்கள். இணைய மறுக்கும் கருவியையும் சேர்த்துக் கொண்டுவந்தால் எங்களுக்கு வேலை பாதி.

அன்புடன்,
கடையிலிருந்து