சித்திக்கு ஒரு கடிதம்: கற்பூரமும் வங்கக்கடலும்

அன்புள்ள சித்திக்கு,

போன மார்கழியில் நீங்கள் திருப்பாவையின் கடைசிப் பாட்டான ‘வங்கக்கடல்’ பாடி முடித்தபோது சித்தப்பா கற்பூரம் ஏற்ற இன்னும் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் முந்திவிட்டார், 28ஆம் பாட்டான ‘கறவைகள்’ பாடும்போதே கற்பூரம் அணைந்துவிட்டது. இருவர் மேலும் தப்பில்லை. முதல் பாட்டிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும். கடைசிப் பாட்டிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் பாடும் வேகத்தில் ஒரு பாசுரத்துக்கு சுமார் 40 விநாடி ஆகிறது, முப்பதுக்கும் 20 நிமிடம். இதில் முதல் 22 பாட்டு, கிட்டத்தட்ட பதினைந்து நிமிடம், விளக்கேற்றி, திருமஞ்சனம் செய்து, வஸ்திரமும் மாலையும் சாற்றுவதற்கு. இந்த வேலை எப்போதும் இழுக்கும். ஆகவே காத்திருப்பதாக இருந்தால் 22ஆம் பாட்டு முடிந்ததும் காத்திருங்கள். 23ஆம் பாட்டில்தான் ‘சீரிய சிங்காசனத்திருந்து’ என்று பெருமாளை உட்காரச் சொல்கிறோம். அலங்காரம் முடிந்து அவர் பீடத்தில் எழுந்தருளிய பிறகு அதைத் தொடங்கினால் பொருத்தம்.

அதற்கப்புறம் பாட்டே வழி காட்டிவிடும். 24இல் ஆறு ‘போற்றி’ வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ. (நூற்றெட்டு நாமம் சொல்லி அர்ச்சனை செய்ய ஆசையிருந்தால் பாட்டு தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், நடுவில் வைத்தால் எல்லாம் குலையும்.) 25இல் தூபம். 26இல் சங்கும் ‘கோல விளக்கே’யும் வருவதால் தீபம் காட்ட அதுவே இடம். 27 ‘கூடாரை வெல்லும்’, பால்சோறு மூட நெய் பெய்து முழங்கை வழியும் பாட்டு. அதன் முதல் அடிக்கே தளிகை முன்னால் இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்து வருவதாக இருந்தால் நேரம் போய்விடும், 25 பாடும்போதே தட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து மூடி வையுங்கள்.

28ஆம் பாட்டில் சித்தப்பா எதுவும் செய்ய வேண்டாம். அது அமுது செய்யும் நேரம். ‘கானம் சேர்ந்துண்போம்’ என்று பாட்டிலும் சாப்பாடுதான்!

நம் வீட்டில் 29, 30 இரண்டையும் இரண்டிரண்டு தடவை பாடுகிறோம் அல்லவா? அந்த 160 விநாடிதான் கையிருப்பு. முதல் மூன்று தடவைக்குள் தட்டை நகர்த்தி, தீர்த்தம் கொடுத்து, கற்பூரத் தட்டை எடுத்து வைக்கலாம். உங்கள் வீட்டுச் சின்ன வில்லை ஒரு நிமிடம்தான் எரிகிறது, நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ‘வங்கக்கடல்’ இரண்டாம் முறை தொடங்கும்போது ஏற்றினால் ‘இன்புறுவர் எம்பாவாய்’ வரை எரிந்து, அதற்கு மேலும் கொஞ்சம் நிற்கும். முதல் முறையிலேயே ஏற்றினால் பாதியில் அணையும்.

வேகத்தை மட்டும் கடைசியில் மாற்றாதீர்கள். சித்தப்பா தாமதமானால் 29ஐ மூன்றாவது தடவை பாடிவிடுங்கள், கேட்பவர்களுக்குத் தெரியாது. தீப்பெட்டியை நான் விளக்கு மாடத்திலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கா மகள்