‘கொஞ்சம் பாத்துச் சொன்னீங்கன்னா…’

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகியும் பதில் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள். பேச்சுத் தமிழில் கைபேசிக்கு வரும் செய்திகளை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஏற்ற ஆங்கிலமாக மாற்றும்போது அவற்றில் இருந்த மரியாதையை எப்படிக் காப்பாற்றுகிறாய் என்று நீ கேட்டிருந்தாய். நின்ற நிலையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது என்பதால், கையில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். சென்ற வாரம் வந்தது.

நான் எழுத்து வேலை செய்துகொடுக்கும் பட்டறையின் உரிமையாளர், வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொல்லி எனக்கு இட்ட செய்தி இது: “சார் வணக்கம். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அனுப்புன படத்துல ஒரு சின்ன சந்தேகம். கைப்பிடி அளவு நீங்க சொன்னதும் படத்துல இருக்கறதும் ஒத்து வரல. கொஞ்சம் பாத்துச் சொன்னீங்கன்னா நாங்க வேலைய ஆரம்பிச்சுருவோம். நாளும் கொஞ்சம் கூட ஆகும் போலிருக்கு. நீங்கதான் பாத்து அனுசரிச்சுக்கணும்.”

தமிழ்க் காதுக்கு இதைவிடப் பணிவான செய்தி இருக்க முடியாது. ஆனால் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் இதே செய்தி கடுமையாகவும் தெளிவற்றதாகவும் போய்விடுகிறது. நம் மொழியில் மரியாதை வினைமுற்றின் ஈற்றிலும், ‘கொஞ்சம்’ போன்ற சிறு சொற்களிலும், ‘சொன்னீங்கன்னா’ என்று நிபந்தனையாக நிறுத்திவிடுவதிலும் தங்கியிருக்கிறது. ஆங்கில வினைக்கு அப்படி ஓர் ஈறே இல்லை. அங்கே மரியாதை வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது: ஏவலைக் கேள்வியாக மாற்றுவதில், காரணத்தைச் சேர்த்துச் சொல்வதில், படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று திணறாதபடி எழுதுவதில். ஏவல் வினைக்கு முன்னால் ஒரு ‘ப்ளீஸ்’ சேர்த்துவிட்டால் போதும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ‘ப்ளீஸ்’ சேர்ந்தாலும் ஏவல் ஏவல்தான். ‘கைண்ட்லி’ சேர்த்தால் பழைய அலுவலக ஆணையின் வாடையும் சேர்ந்துகொள்கிறது. ‘பாத்துச் சொன்னீங்கன்னா’ என்பதன் இடத்தில் உட்காரக்கூடியது ‘குட் யூ’ என்று தொடங்கும் கேள்வி வாக்கியமே.

இனி அந்தச் செய்திக்கு வருகிறேன். ‘சந்தேகம்’ என்பதை ‘டவுட்’ என்று எழுதினால், அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்ற பொருள் தொனிக்கும். இங்கே அது ‘கொஸ்டின்’ மட்டுமே. ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்பதை அப்படியே மொழிபெயர்த்தால், தவறாக எடுத்துக்கொள்ளும்படி ஏதோ வரப்போகிறது என்று படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அந்தச் சொற்றொடர் செய்யும் வேலை என்னவென்று பார்த்தேன்: பிழையைச் சுட்டிக்காட்டினாலும் பழி சுமத்தவில்லை என்று உறுதி தருவது. ஆகவே அதை விட்டுவிட்டு, அந்த உறுதியை அடுத்த வாக்கியத்தின் எழுவாயில் வைத்தேன். ‘ஒத்து வரல’ என்பதில் யார் தவறு என்ற பேச்சே இல்லை. ‘நீங்கள் தவறான அளவு கொடுத்தீர்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் விரல் நீட்டுவதாகிவிடும். கைப்பிடியின் நீளம் வாடிக்கையாளரின் செய்தியில் 120 மி.மீ., படத்தில் 112 மி.மீ. என்று இருக்கிறது, எதைப் பின்பற்ற வேண்டும் என்று உறுதிப்படுத்த முடியுமா என்று கேட்டேன். அளவுகள் பேசும்போது ஆளைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மூல எழுத்தில் இந்த இரண்டு எண்களும் இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். உரிமையாளரைத் தொலைபேசியில் கேட்டுத்தான் சேர்த்தேன். ‘நாளும் கொஞ்சம் கூட ஆகும் போலிருக்கு’ என்பதற்கும் அதே வழிதான். எத்தனை நாள் என்று கேட்டபோது முதலில் “பாத்துச் சொல்றேன்” என்றவர், பிறகு நான்கு நாள் என்றார். தமிழில் தாமதத்தை மங்கலாகச் சொல்வது எதிராளியின் மனம் நோகாமல் இருக்க. ஆங்கிலத்தில் அதே மங்கல் எதையோ மறைப்பது போலத் தோன்றும். கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்த வரி. ‘நீங்கதான் பாத்து அனுசரிச்சுக்கணும்’ என்று முடிவை முழுவதுமாக எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுவே, ‘சமாளித்துக்கொள்ள வேண்டியது உங்கள் கடமை’ என்றாகிவிடும். அனுப்பும் தேதியை 18லிருந்து 22க்குத் தள்ளிவைக்க இயலுமா என்று கேட்டு, மாற்றத்துக்கு வருத்தமும் தெரிவித்தேன். அனுமதி கேட்கும் தொனி அதில் நின்றது.

விளிப்புதான் உரிமையாளரிடம் சற்று நேரம் எடுத்தது. அந்த வாடிக்கையாளர் தன் மடல்களில் முதற்பெயரை மட்டும் கையொப்பமாக இடுகிறார். எனவே அதைக் கொண்டே விளிக்கலாம் என்றேன். “வயசுல பெரியவரு, பேரச் சொல்லி எப்படிங்க கூப்பிடறது?” என்று அவர் உண்மையாகவே வருந்தினார். வாடிக்கையாளரே இட்ட கையொப்பத்தால் அழைப்பது அவர் காட்டிய நெருக்கத்தை ஏற்பதாகும் என்று விளக்கிய பிறகு ஒத்துக்கொண்டார். கையொப்பம் தெரியாத முதல் மடலில் மட்டும் முழுப்பெயரைப் பயன்படுத்துகிறேன். ‘சார்’ என்று எழுதி, பின்னர் அவர் ஒரு பெண்மணி என்று அறிவதைவிட அது நல்லது.

இதை எழுதும்போது ‘அவங்க’ நினைவுக்கு வருகிறது. “அவங்க பாத்துட்டாங்க, சரின்னு சொல்லிட்டாங்க” என்று முன்னொரு முறை வந்த செய்தியில், அந்த ‘அவங்க’ வாடிக்கையாளரின் நிறுவனம் என்று எண்ணி எழுதிவிட்டேன். உண்மையில் அது எங்கள் பக்கத்துத் தரப் பரிசோதகரான அம்மையார். தாங்கள் ஒப்புதலே தரவில்லையே என்று வாடிக்கையாளர் பதற்றத்துடன் எழுதியபோதுதான் விளங்கியது. ஒருவரையும் பலரையும், ஆணையும் பெண்ணையும் ஒரே சொல்லால் உயர்த்திச் சொல்லும் மொழி நம்முடையது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அது யார் என்று கேட்டே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது ‘பாக்கலாம்’. விலையைக் குறைக்க முடியுமா என்று வாடிக்கையாளர் கேட்டதற்கு உரிமையாளர், “பாக்கலாம்ங்க, இப்ப கொஞ்சம் கஷ்டந்தான்” என்றார். நானும் பார்க்கிறோம், தற்போது சற்றுக் கடினம் என்ற பொருளில் எழுதி அனுப்பினேன். வாடிக்கையாளர் இரண்டு வாரம் காத்திருந்து, பார்த்தீர்களா என்று இரண்டு முறை கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு வாக்குறுதி. உரிமையாளருக்கோ முகம் முறியாமல் சொன்ன ‘இல்லை’. இப்போது அந்தச் சொல் வந்தால், ஆமாவா இல்லையா என்று நேரே கேட்டுவிடுகிறேன். இல்லை என்றால், கேட்டதற்கு நன்றி கூறி, இந்த எண்ணிக்கைக்கு விலையைக் குறைக்க இயலவில்லை என்று காரணத்தோடு எழுதுகிறேன். அதிக எண்ணிக்கையில் வாங்கினால் மீண்டும் பேசலாம் என்ற வரி எழுத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் உரிமையாளர் தன் வாயால் சொன்னால் ஒழிய அதைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் பணிவுக்காக நான் சேர்க்கும் வரியை நாளை அவர் நிறைவேற்ற வேண்டியிருக்கும்.

அனுப்புவதற்கு முன் என் ஆங்கிலத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லி அவரிடம் ஒருமுறை படித்துக்காட்டுகிறேன். “நான் இவ்வளவு வெறைப்பா சொல்லலியே” என்றோ “இதச் சொல்லவே இல்லியே” என்றோ அவர் சொல்லும் இடத்தில் திருத்துகிறேன். நான்கு நிமிட வேலைதான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘சிரமம் பாக்காம’ என்று வரும் இடங்களில் நீ என்ன செய்வாய்? நான் பெரும்பாலும் விட்டுவிட்டு, வாக்கியத்தைக் கேள்வியாக்கிக்கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சொல்லில் உள்ள பரிவு முழுவதும் போய்ச் சேருவதாகத் தோன்றவில்லை. வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்