பத்து மதிப்பெண்ணும் பதற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பன் பள்ளி ஒன்றில் எல்லா மாணவர்களுக்கும் பதற்றநோயைக் கண்டறிய ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விப் படிவம் கொடுக்கப்போவதாகத் தங்கள் இதழில் படித்தேன். நோக்கம் நல்லதுதான், கணக்குதான் இடிக்கிறது. மருத்துவரிடம் வந்த பெரியவர்களை வைத்து 2006இல் வெளியான ஆய்வில், 10 மதிப்பெண்ணை எல்லையாகக் கொண்டபோது அது நோயுள்ளவர்களில் 89 சதவீதத்தினரைப் பிடித்தது. நோயில்லாதவர்களில் 82 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. சரி, 1000 மாணவர்களில் 50 பேருக்கு உண்மையாகவே பதற்றநோய் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 45 பேர் அகப்படுவார்கள். மீதி 950 பேரிலோ 171 பேர் வீணாகச் சிக்குவார்கள். அதாவது, 'இருக்கிறது' என்று வரும் ஐந்து பேரில் நால்வருக்கு நோய் இல்லை.

நான் ஆசிரியையாக இருந்தபோது தேர்வு வாரத்தில் இதே படிவத்தைக் கொடுத்தோம். ஒரு பையன் 12 எடுத்தான், பெற்றோர் பதறிப்போனார்கள். தேர்வு முடிந்து மூன்று வாரம் கழித்து அவனுக்கு வந்தது 4. கேள்விகள் கடந்த இரண்டு வாரத்தை மட்டுமே கேட்கின்றன, வேறென்ன வரும்? ஆகவே தேர்வுக் காலத்தைத் தவிர்த்துப் படிவம் கொடுக்கட்டும். 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களிடம் உளவியலாளர் நேரில் பேசிய பிறகே வீட்டுக்குத் தகவல் போகட்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, சாட்ஸ்வொர்த்